ரெண்டு மாதம் வராது, வந்தால் நிற்காது: நாற்பதுகளில் மாதவிடாய் ஏன் இப்படிக் குழம்புகிறது

"ரெண்டு மாசமா வரல்ல, இப்ப வந்து பத்து நாளாகியும் நிக்குதில்ல" என்று நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி சொன்னால், மட்டக்களப்புப் பக்கம் அவருக்குப் பெரும்பாலும் மூன்று பதில்கள் கிடைக்கும். "நிக்கிற காலம், அப்படித்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "நீ எல்.ஆர்.டி செய்ததுதான் காரணம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சூடு கூடிவிட்டது என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்வார். வெந்தயத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, குடிக்கலாம். எல்.ஆர்.டி மீதான பழி பெரும்பாலும் அநியாயம். கருக்குழாயைக் கட்டினாலும் சூலகம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். முப்பது வயதில் எல்.ஆர்.டி செய்தவருக்கு நாற்பத்தைந்தில் குழப்பம் வந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பதினைந்து வருட வயதுதான்.

முதல் பதில்தான் சிக்கலானது, ஏனென்றால் அது பாதி உண்மை. மாதவிடாய் நிற்பதற்கு முன் சில வருடங்கள் குழப்பமாக இருப்பது இயல்பே. ஆனால் "நிற்கப் போகிறது என்றால் குறைந்து குறைந்துதானே நிற்க வேண்டும், எனக்கு ஏன் கூடுகிறது?" என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் விளக்கம் இல்லை. இந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொண்டால் எது இயல்பு, எதைக் காட்டியே ஆக வேண்டும் என்பதும் தானாகவே தெளிந்துவிடும்.

சூலகத்திலிருந்து முக்கியமாக இரண்டு ஹோர்மோன்கள் வருகின்றன. ஈஸ்ட்ரஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கும். மாத நடுவில் முட்டை வெளியான பிறகுதான் புரொஜெஸ்ட்ரோன் வரத் தொடங்கும், முட்டை வெளியேறிய அந்தப் பையே அதைச் சுரக்கிறது. வளர்ந்த சவ்வு மேலும் வளராமல் நிறுத்தி, உறுதியாக்கி வைப்பது புரொஜெஸ்ட்ரோனின் வேலை. கரு தங்கவில்லை என்றால் இரண்டு வாரத்தில் அது சட்டென்று இறங்கும், உடனே சவ்வு முழுவதும் ஒன்றாகக் கழன்று நாலைந்து நாளில் வெளியேறிவிடும். ஒழுங்கான மாதவிடாய் என்பது இதுதான்.

நாற்பதுகளில் சூலகத்தில் முட்டைகள் குறைந்துபோவதால் சில மாதங்களில் முட்டை வெளியாவதே இல்லை. முட்டை வெளியாகவில்லை என்றால் புரொஜெஸ்ட்ரோனும் இல்லை. ஆனால் ஈஸ்ட்ரஜன் நின்றுவிடுவதில்லை. மூளையோ "இன்னும் வேலை செய்" என்று சூலகத்தை முடுக்கிக்கொண்டே இருக்கும், அதனால் இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரஜன் சில வேளை இளவயதில் இருந்ததை விடக்கூட ஏறிப்போகும். ஆகவே சவ்வு வளர்ந்துகொண்டே போகிறது, நிறுத்த ஆளில்லை. தண்ணீரும் பசளையும் தாராளமாகப் போன, ஆனால் வெட்ட ஆள் வராத வயல் மாதிரி, ஒரு கட்டத்தில் தன் பாரம் தாங்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகச் சாயத் தொடங்குகிறது. ஒரு பக்கம் கழன்று இரத்தம் போகும், அது ஆறுவதற்குள் அடுத்த பக்கம் கழலும். அதனால்தான் இரண்டு மாதம் வராமல் இருப்பதும், வந்தால் கட்டி கட்டியாகப் பத்து நாள் போவதும் ஒரே பெண்ணுக்கு அடுத்தடுத்து நடக்கின்றன. வராமல் இருந்த நாட்களிலேயே அடுத்த பெருக்குக்கான சவ்வு உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது. "ஹோர்மோன் குறைந்ததால் வருகிறது" என்று பொதுவாகச் சொல்வார்களே, இரத்தப்பெருக்கு விஷயத்தில் குறைவது புரொஜெஸ்ட்ரோன் மட்டும்தான்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஆரையம்பதியில் 46 வயதுப் பெண் ஒருவர், இரண்டு பிள்ளைகள், எல்.ஆர்.டி செய்தவர், கொஞ்சம் பருமன், மூன்று வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர்க் கலண்டரில் மாதவிடாய் தொடங்கிய நாளை வட்டம் போட்டு வைக்கும் பழக்கம் அவருக்கு இருக்கிறது. ஜனவரி 6, பெப்ரவரி 4, பெப்ரவரி 26, மார்ச் 30. இடைவெளிகளை எண்ணினால் 29 நாள், 22 நாள், 32 நாள். வழக்கமாக 28, 29 என்று வந்தவருக்கு இப்போது அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் விழத் தொடங்கி, அது திரும்பத் திரும்ப நடக்கிறது. மருத்துவத்தில் இதைத்தான் மாற்றக் காலத்தின் ஆரம்ப நிலை என்று வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஏப்ரலில் இல்லை, மே மாதத்திலும் இல்லை, ஜூன் 8 அன்றுதான் வருகிறது: 70 நாள் இடைவெளி. 60 நாளோ அதற்கு மேலோ ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் பிந்திய நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கிருந்து கடைசி மாதவிடாய்க்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வருடம் இருக்கும். எந்த இரத்தப் பரிசோதனையையும் விட அந்தக் கலண்டர் இந்த விஷயத்தில் அதிகம் சொல்லும்.

பரிசோதனை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தனியார் லாப்களில் எஃப்.எஸ்.எச் என்றொரு ஹோர்மோன் பரிசோதனைக்குக் காசு கட்டி, "நோமல் என்று வந்திருக்கு, அப்ப எனக்கு இது இல்லைதானே" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. இந்த வயதில் அந்த ஹோர்மோன் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இன்று எடுத்தால் ஒன்று, மூன்று வாரம் கழித்து எடுத்தால் வேறொன்று. 45 தாண்டியவருக்கு வயதும் மாதவிடாய் மாறிய விதமும் போதும், அந்தக் காசு மிச்சம். 40க்கு முன்னரே மாதவிடாய் நின்றுபோவது வேறு கதை, அங்கே அந்தப் பரிசோதனை கட்டாயம் தேவை.

சரி, ஜூன் 8க்கு வருவோம். அன்று தொடங்கியது 13 நாள் போகிறது. முதல் ஐந்து நாளில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாட் மாற்ற வேண்டியிருக்கிறது, ஒரு அங்குலத்துக்கு மேல் கட்டிகள் விழுகின்றன, இரவில் விரிப்பு நனைகிறது. ஏழு நாளுக்கு மேல் போவது, இரண்டு மணித்தியாலம்கூட ஒரு பாட் தாங்காதது, ஒரு அங்குலத்தை விடப் பெரிய கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலே அதிகம்தான், மில்லிலீட்டர் அளந்து பார்க்கத் தேவையில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு பாட் முழுதாக நனைந்து அது மூன்று நாலு மணித்தியாலம் தொடர்ந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றிக் கண் இருட்டினாலோ, அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நமது உதாரணப் பெண் 13 நாள் கழித்து நின்ற பிறகு, "நின்றுவிட்டதே" என்று ஒரு மாதம் இருந்துவிடுகிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, எதற்கும் மனமில்லை. அதையும் "மெனோபோஸ்" கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் உண்மையாகவே கோபம் வரும், ஏனென்றால் களைப்பு, படபடப்பு, எரிச்சல் எல்லாம் இரத்தச் சோகையிலும் அப்படியே வரும், அதற்கு மலிவான மருந்தும் இருக்கிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் சோகை. இவருக்கு 8.4 என்று வருகிறது.

கிளினிக்கில் என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பயம் குறையும். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. 46 வயதில், அதுவும் எல்.ஆர்.டி செய்தவரிடம் இதைச் செய்கிறார்களே என்று சிலருக்கு வெட்கமும் கோபமும் வரும். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போய் இரத்தம் போகும் எந்தப் பெண்ணிடமும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், எல்.ஆர்.டி நூற்றுக்கு நூறு இல்லை. அடுத்து முழு இரத்த எண்ணிக்கை, தைரொயிட். தைரொயிட் குறைந்தாலும் இரத்தப்பெருக்கு கூடும். பிறகு ஸ்கேன். கர்ப்பப்பையில் ஃபைப்ரொயிட் கட்டியோ சவ்வில் பொலிப்போ இருக்கிறதா, சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஃபைப்ரொயிட் நாற்பதுகளில் மிகச் சாதாரணம். கர்ப்பப்பைச் சுவருக்குள் இருக்கும் இரண்டு சென்றிமீற்றர் கட்டி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, சவ்வுப் பக்கம் புடைத்து நிற்பதுதான் பெருக்கைக் கூட்டும். ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று முடிவு கட்ட வேண்டாம், அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

கடைசியாக, உட்சவ்வில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. இது எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் 45 தாண்டி ஒழுங்கில்லாத பெருக்கு தொடர்ந்தால் செய்ய வேண்டும், பருமனும் சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் தட்டிக்கழிக்கவே கூடாது. காரணம் மேலே சொன்ன வயல் கதைதான். புரொஜெஸ்ட்ரோன் இல்லாமல் ஈஸ்ட்ரஜன் மட்டுமே மாதக்கணக்கில் சவ்வை வளர்த்தால், சிலருக்கு அந்த வளர்ச்சி புற்றுநோய்க்கு முந்திய நிலைக்குப் போகலாம். உடம்புக் கொழுப்பும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரஜன் உண்டாக்குவதால் பருமனானவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எடுப்பார்கள், பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது, ஓரிரு நிமிடம் மாதவிடாய் வலி போல இறுக்கிப் பிடிக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும், அதையும் மறைக்கத் தேவையில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிட்டு இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள், குடும்பநல உத்தியோகத்தர் வந்து சொல்வார், அவசியம் போக வேண்டிய இடம். ஆனால் அங்கே எடுப்பது கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை. அது நோமல் என்று வந்தால் கழுத்துப் பகுதிக்குத்தான் அந்தச் சான்று, உட்சவ்வில் என்ன நடக்கிறது என்று அதில் தெரியாது. "போன வருஷம்தானே பாப் எடுத்தது, ஒன்றுமில்லை என்றார்கள்" என்று பெருக்கைச் சகித்துக்கொண்டு இருப்பவர்கள் அந்த ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு பெண்ணோயியல் கிளினிக்குக்குப் போக வேண்டும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையானாலும் கல்முனைப் பக்கமானாலும் எது கிட்டவோ அது.

நமது பெண்ணுக்கு முடிவு வருகிறது: சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது, ஆனால் உருமாறிய செல்கள் இல்லை. இது புற்றுநோய் அல்ல. இந்த வகை இருபது வருடத்தில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனால் சும்மா விடக்கூடாது. உடம்பு கொடுக்காத புரொஜெஸ்ட்ரோனை வெளியிலிருந்து கொடுப்பதுதான் வைத்தியம், குறைந்தது ஆறு மாதம், அதன்பின் மறுபடி துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மிக நல்ல வழி ஹோர்மோன் லூப். லூப் என்றதும் "ஐயோ, அதைப் போட்டால் இன்னும் கூடுமே" என்பார்கள். அது செப்பு லூப், குடும்பக்கட்டுப்பாட்டுக்கு வழக்கமாகப் போடுவது, அது உண்மையிலேயே பெருக்கைக் கூட்டும். ஹோர்மோன் லூப் கர்ப்பப்பைக்குள்ளேயே புரொஜெஸ்ட்ரோன் வகை மருந்தைக் கசியவிட்டுச் சவ்வை மெல்லியதாக்கும். முதல் மூன்று நாலு மாதம் சொட்டுச் சொட்டாக இரத்தம் காட்டும், அந்த நேரத்தில் பயந்து எடுத்துவிட்டால் பலன் கிடைக்காது. விலை கூடுதலானது என்பதும் உண்மை. முடியாதவர்களுக்குக் குளிசையாகக் கொடுப்பார்கள்.

அந்தக் குளிசைகளில் ஒன்றான நொரெதிஸ்டரோன் நம் பெண்களுக்கு வேறு காரணத்துக்காக முன்பே பழக்கம். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி வருகிறது, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் போக வேண்டும், அந்த நாளில் தீட்டு வந்துவிடக் கூடாது என்று பாமசியில் வாங்கிப் போடும் "தள்ளிப்போடுற குளிசை" இதுவேதான். இருபத்தைந்து வயதில் ஒருமுறை போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நாற்பத்தாறில், ஏற்கெனவே இரண்டு மாதம் வராமல் சவ்வு தடித்திருக்கும் நேரத்தில் ஐந்து நாள் போட்டு நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் அந்தத் தடித்த சவ்வு மொத்தமாக இறங்கும். திருவிழா முடிந்த கையோடு பெருக்கு வருவது இதனால்தான். அதோடு கலண்டரும் குழம்பிப்போகும், டொக்டருக்கு எது இயற்கையாக வந்தது, எது குளிசையால் வந்தது என்று தெரியாது. போட்டிருந்தால் மறைக்காமல் அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள். முஸ்லிம் பெண்களுக்குத் தொழுகை, நோன்பு விஷயத்தில் எத்தனை நாள் வரை மாதவிடாய், எதற்கு மேல் வேறு இரத்தம் என்ற கேள்வி இந்த வயதில்தான் பெரிதாக எழும், அங்கேயும் முதலில் கேட்பது தேதிகளைத்தான்.

பெருக்கு நாட்களில் மட்டும் போடும் டிரனெக்ஸாமிக் அசிட் குளிசை வேறு. அது இரத்தம் உறைவதைக் காப்பாற்றிப் பெருக்கைக் குறைக்கும், சுழற்சியைச் சரிப்படுத்தாது. பெருக்கு உள்ள நாலைந்து நாளுக்கு மட்டும்தான். முன்பு காலில் நரம்பில் இரத்தம் உறைந்து படுத்தவர்கள் அதை எடுக்கக் கூடாது, ஆகவே பக்கத்து வீட்டு அக்காவிடம் மிச்சமிருந்ததை வாங்கிப் போட வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் தேயிலை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்து, தேநீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சேமிப்பு இருக்காது, அடுத்த பெருக்கிலேயே மறுபடி இறங்கிவிடும்.

உடல் கொதிப்பு பெரும்பாலும் பிந்திய நிலையில், இடைவெளிகள் நீளத் தொடங்கும்போது வலுக்கும், சிலருக்கு முன்னதாகவே தலைகாட்டும். ஈஸ்ட்ரஜன் ஏறி இறங்கி, பிறகு மெல்ல மெல்ல விழும்போது மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி மிகக் கூச்சமாகிவிடுகிறது. வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும் சின்ன ஏற்றத்தையே பெரிய சூடு என்று எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டவைக்கிறது. நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று ஏறும், ஒன்று முதல் ஐந்து நிமிடம் இருக்கும், பிறகு குளிரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பில் எல்லோருக்கும்தானே வேர்க்கிறது, அப்போது எப்படிப் பிரித்து அறிவது என்று கேட்பார்கள். வெயிலின் வேர்வை காற்றாடி போட்டால் மெல்ல அடங்கும், வீட்டில் எல்லோருக்கும் இருக்கும். இது அலையாக வந்து, உங்களுக்கு மட்டும் வந்து, முடிந்ததும் சேலையை இழுத்துப் போர்த்த வைக்கும், மழைக்கால மார்கழி இரவிலும் வரும். வெப்பமானி வைத்துப் பார்த்தால் காய்ச்சல் காட்டாது. மாலையில் காய்ச்சலும் எடை குறைதலும் சேர்ந்திருந்தால், சீனிக் குளிசை போட்ட பின் வேர்த்து நடுங்கினால், வேர்வையோடு நெஞ்சு இறுகினால், அவை வேறு விஷயங்கள், வேறு அவசரங்கள்.

கொதிப்பு தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் ஈஸ்ட்ரஜன் கொடுப்பதே மிகப் பலனுள்ள வைத்தியம். ஆனால் கர்ப்பப்பை உள்ளவருக்கு அதைத் தனியாகக் கொடுத்தால் மறுபடி சவ்வு தடிக்கும், ஆகவே புரொஜெஸ்ட்ரோன் சேர்த்துத்தான் கொடுப்பார்கள், ஹோர்மோன் லூப் போட்டவர்களுக்கு அதுவே அந்தப் பங்கைச் செய்துவிடும். மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்த வைத்தியம் சரிவராது, மற்ற மருந்துகள் உண்டு. காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருக்கும்வரை யாருக்கும் தொடங்க மாட்டார்கள்.

எல்.ஆர்.டி செய்யாதவர்களுக்கு ஒன்று. முட்டை சில மாதம் வெளியாகாது என்றேனே தவிர எந்த மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐம்பதுக்கு முன் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடமும், ஐம்பதுக்குப் பின் என்றால் ஒரு வருடமும் குடும்பக்கட்டுப்பாட்டை விடக்கூடாது. மூன்று மாத ஊசி போடுபவர்களுக்கு ஊசியே மாதவிடாயை நிறுத்திவிடும் என்பதால் கலண்டர் அங்கே உதவாது, எப்போது விடுவது என்று கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ஒரு சொட்டும் வரவில்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. பதினோராவது மாதம் வந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு மாதம் கழிந்து, பதினாலாவது மாதமோ ஐந்தாவது வருடமோ, உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை பட்டாலும் அதை மாதவிடாய் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கறைக்குப் பெரும்பாலும் சவ்வு மெலிந்து வறண்டதே காரணமாக இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் தன்னை முதலில் காட்டுவதும் அப்படித்தான், அதனால் அது ஒரே ஒருமுறை பட்டு நின்றிருந்தாலும் அந்த வாரத்திலேயே போய்ச் சொல்லிவிட வேண்டும்.